மீதித் துணியைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் திரும்பவும்

கேள்வி: பெங்களூரில் குழந்தைகள் ஆடை நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வீட்டில் தமிழ்தான், ஆனால் தமிழில் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மேலாளர் ஆங்கிலத்தில் எழுதித் தந்ததை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் திருப்பூர் துணி சப்ளையருக்கு அனுப்பினேன். அவர் போன் செய்து, "என்னங்க மேடம், கோர்ட்டு நோட்டீஸாட்டம் இருக்குது. மீதித் துணியைப் புடிச்சுட்டுத் திங்கக்கிழமை நான் பெங்களூர் வரணுமா?" என்று கேட்டார். 24 ரோல் வந்தது. லாட் 2-ன் 11 ரோலில்தான் பிரச்சினை. முன்பே ஓகே செய்த சாய மாதிரியான லேப் டிப்பைவிட ஷேட் வெளிறியிருக்கிறது, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடையான ஜிஎஸ்எம்மும் குறைவு. லாட் 3 இன்னும் வரவில்லை. நான் அனுப்பியது இது. எப்படித் திருத்துவது?

"இந்த மின்னஞ்சல் உங்களை நலமுடன் கண்டறியும் என நம்புகிறோம். எங்கள் கொள்முதல் ஆணைக்கு எதிராக வழங்கப்பட்ட கடற்படை நீல ஒற்றை ஜெர்சி துணியின் தரம் தொடர்பாக எங்கள் கவலையை எழுப்ப விரும்புகிறோம். தொகுதி 2 அங்கீகரிக்கப்பட்ட ஆய்வக முக்குதலுக்கு எதிராக நிழல் மாறுபாட்டைக் காட்டுகிறது மற்றும் 180 ஜிஎஸ்எம் தேவைக்கு எதிராக 168 காணப்பட்டது. எல்லா ரோல்களும் பாதிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்ட ரோல்கள் உங்கள் முடிவில் மீண்டும் செயலாக்கப்பட வேண்டும். தயவுசெய்து மீதி அளவைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் திரும்பவும். தவறினால் பற்றுக் குறிப்பை உயர்த்த நாங்கள் கட்டாயப்படுத்தப்படுவோம். உங்கள் ஆரம்பப் பதிலை எதிர்நோக்குகிறோம்."

— வாசகி, பெங்களூரு

பதில்:

சப்ளையர் கிண்டல் செய்யவில்லை. அந்த வரியைத் தமிழ் தெரிந்த யார் படித்தாலும் அதுதான் பொருள். 'ஹோல்ட்' என்பது 'பிடித்துக்கொண்டு' என்றும், 'ரிவர்ட்' என்பது 'திரும்பவும்' என்றும் வந்ததில், நிறுத்தி வைக்கச் சொன்ன துணியோடு அவரைப் பேருந்து ஏறச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இந்த மாதிரிப் பிழைகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. படித்ததும் சிரிப்பு வருகிறது, போன் வருகிறது, விஷயம் தெளிந்துவிடுகிறது. சிரிப்பு வராத பிழைதான் பணத்தைத் தின்னும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அதை நீங்களும் கவனிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"எல்லா ரோல்களும் பாதிக்கப்படவில்லை."

சுத்தமான தமிழ் வாக்கியம். இலக்கணப் பிழை கிடையாது. ஆங்கிலத்தில் உங்கள் மேலாளர் சொல்ல வந்தது, சில ரோல்களில் மட்டும்தான் குறை என்பது. தமிழில் 'எல்லா' என்று தொடங்கி வினையை 'இல்லை' என்று முடித்தால், ஒரு ரோலும் பாதிக்கப்படவில்லை என்றுதான் பெரும்பாலும் காதில் விழும். "எல்லாரும் சாப்பிடவில்லை" என்று ஒருவர் சொன்னால் வீடே பட்டினி என்று நினைப்போமே, அதே கதை. நான் எடிட்டிங் தொழிலுக்கு வந்த புதிதில், டைல்ஸ் பெட்டிகள் உடைந்து வந்த ஒரு புகார்க் கடிதத்தில் இதே அமைப்பை வாசித்துவிட்டு, 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிட்டேன். பெட்டி அனுப்பியவர் அந்த வரியை அடிக்கோடிட்டு, "சேதம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்" என்று திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து செயலி தந்த வரைவில் எல்லா, அனைத்து, எதுவும், மட்டும், வரை, குறைந்தது ஆகிய சொற்களை முதலில் வட்டமிட்டுவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறேன். இதற்கு மருந்து இலக்கணம் அல்ல, எண்ணிக்கை. 24 ரோலில் 13 சரி, 11-ல் குறை என்று எழுதிவிட்டால் 'எல்லா'வுக்கு வேலையே இல்லை.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், வரைவை வரிவரியாக மெருகேற்றும் பழக்கத்தில் இந்தப் பிழை தப்பித்துவிடும். 'கண்டறியும்' என்பதை மாற்றுவீர்கள், 'ஒற்றை ஜெர்சி'யைச் 'சிங்கிள் ஜெர்சி' ஆக்குவீர்கள், சரியாகத் தெரிகிற வாக்கியத்தைத் தொட மாட்டீர்கள். அதனால் வரைவைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஆங்கில மூலத்தை எடுத்து ஒரு துண்டுத்தாளில் நாலு விஷயம் எழுதுங்கள்: எந்தச் சரக்கு, அதில் என்ன குறை, யார் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். சொற்கள் போதும், வாக்கியம் வேண்டாம்.

எழுதும்போதே ஒன்று புலப்படும். "பாதிக்கப்பட்ட ரோல்கள் மீண்டும் செயலாக்கப்பட வேண்டும்" என்பதில் ஆளே இல்லை. யார் லாரி அனுப்பி எடுத்துப் போவது? வாடகை யார் தலையில்? ரீபிராசஸ் கூலி யாருடையது? ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினை இதையெல்லாம் அழகாக மூடி வைத்திருக்கும். செயலி அந்த மூடியையும் சேர்த்து மொழிபெயர்த்துத் தந்துவிட்டது. அதைத் தமிழில் 'சரிசெய்து தாருங்கள்' என்று செய்வினையாக்கினால், பேச்சுவழக்கில் செலவும் அவருடையது என்றாகிவிடும். உங்கள் நிறுவனம் அதைத்தான் சொல்ல வருகிறதா என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. மேலாளரிடம் கேட்டுத்தான் அந்த வரியை எழுத முடியும்.

குறையைச் சொல்லும் இடத்திலும் அப்படித்தான். 'நிழல் மாறுபாடு' என்பதை 'ஷேட் மாற்றம்' என்று திருத்தினால் தமிழ் சரியாகிவிடும், தகவல் சரியாகாது. டையிங் மாஸ்டருக்கு ஷேட் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுதான் வேண்டும். வெளிறியிருந்தால் மேலே சாயம் ஏற்றிப் பிடித்துவிடலாம். அடர்ந்து போயிருந்தால் ஏறிய சாயத்தை முதலில் கழற்ற வேண்டும். அது செலவும் கூடுதல், துணிக்கும் கெடுதல். எனக்கு எழுதிய கேள்வியில் 'வெளிறியிருக்கிறது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டீர்கள். அவருக்கு அனுப்பிய கடிதத்தில் அது இல்லை. எந்த விளக்கில் பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65-ல் ஒத்துப்போகும் ஷேட், கடை வெளிச்சமான டிஎல்84-ல் மாறித் தெரிவது உண்டு. விளக்கைச் சொல்லாவிட்டால் "எங்க லைட் பாக்ஸில் சரியாத்தான் இருக்குது" என்று பதில் வரும், அதுவும் பொய்யாக இருக்காது.

ஜிஎஸ்எம்முக்கும் இது பொருந்தும். 180-க்கு 168 என்றால் 12 குறைவு. அது எவ்வளவு பெரிய குறை என்பது உங்கள் கொள்முதல் ஆணையான பி.ஓ.வில் எழுதியிருக்கும் தளர்வைப் பொறுத்தது. வழக்கம்போல 5 சதவீதம் என்று இருந்தால் 171 வரை ஏற்கலாம். 168 அதற்கும் கீழே. '171-க்குக் கீழே போகக் கூடாது' என்ற எண் கடிதத்தில் இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. செயலி எழுதிய 'தேவைக்கு எதிராக' என்பதில் அந்த எண்ணும் இல்லை, பொருளும் இல்லை. இந்த 'எதிராக' உங்கள் வரைவில் மூன்று இடத்தில் வருகிறது. ஆங்கிலத்தின் 'அகெய்ன்ஸ்ட்' அது. தமிழில் 'பி.ஓ.படி', 'லேப் டிப்பைவிட', '180-க்கு' என்று மூன்றும் மூன்று விதமாக மாறும். ஒரே சொல்லை ஒரே சொல்லால் மாற்றினால் தமிழ் வராது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

இனி சொற்கள். இங்கே ஆளாளுக்கு ஒரு கட்சி. சிலர் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் ஆங்கிலமாகவே விடுவார்கள். நான் பார்ப்பது சப்ளையரின் டெலிவரி சலானை. அதில் லாட் நம்பர், ரோல், கிலோ, டயா, ஜிஎஸ்எம் என்று இருக்கிறதா? அப்படியானால் 'தொகுதி' வேண்டாம், 'லாட்' தான். அவர் தன் ஃபைலில் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான். 'கொள்முதல் ஆணை' அரசு டெண்டரில் அழகு, திருப்பூரில் பி.ஓ. 'பற்றுக் குறிப்பை உயர்த்துதல்' என்பதை 'டெபிட் நோட் போடுதல்' என்றால் கணக்குப்பிள்ளைக்குக்கூட அடுத்த நொடியில் புரியும். 'கடற்படை நீலம்' என்று ஒரு நிறம் அந்த ஊரில் கிடையாது, நேவிதான். அதே சமயம் துணி, சாயம், கூலி, வாடகை, வெளிறல், சுருக்கம் எல்லாம் பட்டறையில் தினமும் புழங்கும் தமிழ்ச் சொற்கள். அவற்றுக்கு ஆங்கிலம் போட்டால் அதுவும் செயற்கைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே 'வீ' தான். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. செயலி பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு 'நாங்கள்' என்றே போடும். கடிதம் முழுக்க எங்கள் ஆணை, எங்கள் கவலை, நாங்கள் கட்டாயப்படுத்தப்படுவோம் என்று போனால், இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. உங்கள் சப்ளையருக்குக் கோர்ட்டு நோட்டீஸ் நினைவு வந்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். லேப் டிப்பை இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தீர்கள், அங்கே 'நாம்' போடலாம். ஷிப்மெண்ட் தேதி இருவருக்கும் பொது, அங்கேயும் 'நாம்'. சோதித்துப் பார்த்தது, பணம் பிடிப்பது உங்கள் நிறுவனம், அங்கே 'நாங்கள்' தான். பணம் பிடிக்கும் இடத்தில் 'நாம் டெபிட் நோட் போட வேண்டிவரும்' என்று குழைந்தால் நக்கலாகிவிடும்.

'தயவுசெய்து' இரண்டுங்கெட்டான் சொல். ஒருமுறை வந்தால் கெஞ்சல், மூன்றுமுறை வந்தால் எரிச்சல். அதோடு 'அனுப்பவும்', 'திரும்பவும்' என்ற முடிவு பேருந்து நிலைய அறிவிப்பின் தொனி. மரியாதை தமிழில் வினையிலேயே இருக்கிறது: 'அனுப்புங்கள்', 'சொல்லுங்கள்', கொஞ்சம் தணித்துச் சொல்ல வேண்டுமானால் 'அனுப்பிவிடுங்கள்'. போனில் அவரைச் சார் என்று கூப்பிடுகிறீர்களா, அண்ணா என்றா? போனில் அண்ணா என்றாலும் கடிதத்தில் சார் என்றே இருக்கட்டும். அந்தத் தாள் பில்லோடு சேர்ந்து ஃபைலுக்குப் போகும், நாளை அவர் ஆடிட்டரும் பார்ப்பார். அதே காரணத்துக்காக 'வந்திருக்கு', 'இருக்குது' என்று பேச்சை அப்படியே எழுதுவதையும் நான் ஏற்பதில்லை. 'வந்துள்ளது' கொஞ்சம் விறைப்பு, 'வந்திருக்கு' கொஞ்சம் தளர்வு. 'வந்திருக்கிறது' நடுவில் சௌகரியமாக உட்காருகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்து, வரைவைத் திரும்பிப் பார்க்காமல் துண்டுத்தாளிலிருந்து எழுதினால் கடிதம் ஏறத்தாழ இப்படி வரும். எண்களையும் தேதிகளையும் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வணக்கம் சார்.

நேவி சிங்கிள் ஜெர்சி, பி.ஓ. நம்பர் ____. 24 ரோல் வந்து சேர்ந்தது. லாட் 1-ன் 13 ரோலும் சரியாக இருக்கிறது. கட்டிங்குக்கு எடுத்துக்கொண்டோம்.

லாட் 2-ன் 11 ரோலில் இரண்டு குறை இருக்கிறது. நாம் ஓகே செய்த லேப் டிப்பைவிட ஷேட் வெளிறியிருக்கிறது; டி65 விளக்கில் பார்த்தோம். ஜிஎஸ்எம் 180-க்குப் பதில் சராசரியாக 168 இருக்கிறது, பி.ஓ.படி 171-க்குக் கீழே போகக் கூடாது. 11 ரோலின் நம்பரையும் ஒவ்வொன்றின் ஜிஎஸ்எம்மையும் கடைசியில் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு ரோலிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறோம்.

லாட் 2-ன் இந்த 11 ரோலையும் நீங்கள் திரும்ப எடுத்து, ஷேட்டும் ஜிஎஸ்எம்மும் சரிசெய்து தர வேண்டும். லாரி வாடகையும் ரீபிராசஸ் கூலியும் ________.

லாட் 3 இன்னும் டையிங்குக்குப் போகவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். போயிருந்தால் முடித்து, ஒரு துண்டு மட்டும் அனுப்புங்கள். அதைப் பார்த்து ஓகே சொன்ன பிறகு சரக்கை அனுப்பலாம்.

11 ரோலும் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதை ஜூலை 14, திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள். நாம் 28ஆம் தேதிக்குள் கட்டிங் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் இந்த 11 ரோலின் தொகைக்கு நாங்கள் டெபிட் நோட் போட வேண்டிவரும்.

செவ்வாய்க்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன்."

பழைய வரைவின் முதல் வரியும் கடைசி வரியும் இதில் இல்லை. இரண்டும் ஆங்கிலக் கடிதத்தின் சம்பிரதாயம். 'வணக்கம்' முதலாவதற்குப் போதும், 'கூப்பிடுகிறேன்' கடைசியதற்குப் போதும். 'லாட் 2-ன் 11 ரோல்' என்பதை இரண்டு பத்தியிலும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். ஆங்கில ஆசிரியர் கூறியது கூறல் என்று அடித்துவிடுவார். ஆனால் முதலாளி இந்தக் கடிதத்தை அப்படியே டையிங் மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளுவார். மாஸ்டர் தன் வேலை இருக்கும் பத்தியை மட்டும் பார்ப்பார். அங்கே 'மேற்படி ரோல்கள்' என்று இருந்தால் எந்த ரோல் என்று மறுபடி போன் போகும்.

டெபிட் நோட்டை எடுத்துவிடலாமா என்று நினைக்காதீர்கள். தமிழில் மென்மையாக எழுதுகிறேன் என்று அதை விழுங்குகிறவர்கள் நிறைய. மேலாளர் போடச் சொன்ன நிபந்தனையை எடுக்க எடிட்டருக்கு உரிமை கிடையாது. இடத்தை மாற்றலாம், தொனியை மாற்றலாம். வரைவில் அது மொட்டை மிரட்டலாக நின்றது; இங்கே தேதிக்கும் காரணத்துக்கும் பின்னால் வருகிறது. எந்தத் தொகைக்கு என்பதும் இருக்கிறது. 'கட்டாயப்படுத்தப்படுவோம்' என்ற புலம்பல் போய்விட்டது. அந்தச் சொல்லை வாசித்தால் யாரோ உங்களை அடித்துக் கையெழுத்து வாங்குவதுபோல் இருக்கிறது.

எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வேலை இரண்டு. முதலில் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்து எண், தேதி, லாட், 'இல்லை' என்று முடியும் வினை ஆகியவற்றை மட்டும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். இயல்பான தமிழில் எழுதும்போது கை ஓடிவிடும், 168 எங்கேயோ 186 ஆகியிருக்கும். பிறகு, கடிதத்தை அலுவலகத்தில் தமிழ் தெரிந்த, இந்த விவகாரம் தெரியாத ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, "இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 11 ரோலை எடுக்க வேண்டும், லாட் 3-ஐ நிறுத்த வேண்டும், திங்கள் மாலைக்குள் தேதி சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். ஒன்று வராவிட்டால் அந்தப் பத்தியைத் திருத்துங்கள். தமிழைச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கிப் பார்க்கும் வழி உங்கள் மேலாளருக்குக் காட்ட உதவும், பிழை பிடிக்க உதவாது. 'எல்லா ரோல்களும் பாதிக்கப்படவில்லை' என்பது திரும்பிப் போகும்போது மூல ஆங்கிலமாகவே மாறிச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

சனிக்கிழமை மாலையில் அனுப்பாதீர்கள். திருப்பூரில் பல இடங்களில் அன்றுதான் வாரச் சம்பளம் பட்டுவாடா, முதலாளி கண்ணில் எதுவும் படாது. முன்பு அனுப்பிய கடிதம் அவரிடம் இருப்பதால், 'போன கடிதத்தை விட்டுவிடுங்கள், இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று வணக்கத்துக்கு அடுத்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் 'பாதிக்கப்படவில்லை' என்ற வரி அவர் ஃபைலில் உயிரோடு இருக்கும். வாடகை, கூலி வரியில் நான் விட்டிருக்கும் காலி இடத்தை உங்கள் மேலாளர் நிரப்பித் தந்த பிறகு அனுப்புங்கள், அதுவரை வேண்டாம்.